கதவில் ஒட்டப்படாத கடிதம்



சென்ற ஆண்டு ஆடிப்பெருக்கு முடிந்த வாரத்தில், நம் சபையின் மூத்த சகோதரர் ஒருவர் மாலை நேரத்தில் என் வீட்டுக்கு வந்தார். பொன்மலை ரயில்வே பணிமனையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து ஓய்வு பெற்றவர். ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில் அவருக்கு வீடு இருக்கிறது. கீழே அவரும் அவர் மனைவியும் வாழ்கிறார்கள். மாடியை ஒரு குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். அவர் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து என் முன் வைத்தார்.

"போதகர் ஐயா, இதை நாளைக்குக் காலையில் மாடிப்படிக் கதவில் ஒட்டப் போகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்" என்றார்.

நான் படித்தேன். அவருடைய அனுமதியோடும், மாடியில் குடியிருக்கும் குடும்பத்தின் அனுமதியோடும் அதை இங்கே அப்படியே தருகிறேன். பெயர்களை மட்டும் விட்டுவிடுகிறேன்.

"கடைசி எச்சரிக்கை. மாடியில் குடியிருக்கும் நபருக்கு. இதனால் உமக்கு அறிவிப்பது என்னவென்றால், நீர் மூன்று மாத வாடகை ரூ. 25,500 கொடுக்காமல் ஏமாற்றி வருகிறீர். பலமுறை கேட்டும் பொய்க் காரணங்களைச் சொல்லிக் காலம் கடத்துகிறீர். வாடகை கொடுக்க வக்கில்லாதவருக்கு வீடு எதற்கு? மாதம் 2 சதவீத வட்டியுடன் முழுத் தொகையும் 24 மணி நேரத்துக்குள் வந்து சேர வேண்டும். தவறினால் தண்ணீர் நிறுத்தப்படும். வீடு பூட்டப்படும். நீர் வேலை செய்யும் இடத்துக்கும் தகவல் தெரிவிக்கப்படும். இப்படிக்கு, வீட்டு உரிமையாளர்."

எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அந்தத் தாளை அவரிடம் திருப்பிக் கொடுக்க என் கை நீளவில்லை.

அவருடைய பக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அவர் பணத்தாசை கொண்டவர் அல்லர். மாடியைக் கட்டுவதற்கு வங்கியில் கடன் வாங்கியிருந்தார். வாடகை வந்தால் அதோடு சிறிது சேர்த்து மாதத் தவணையைக் கட்டிவிடுவார். மூன்று மாதமாகத் தவணை முழுவதும் ஓய்வூதியத்திலிருந்து போகிறது. அதனால் அவருடைய மனைவிக்குச் செய்ய வேண்டிய கண் அறுவைச் சிகிச்சை தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. வாடகை கேட்பது அவருடைய உரிமை. அந்த மாதத்தில் அது அவருடைய தேவையும்கூட. இதை மறந்துவிட்டு அவருக்குப் பொறுமையைப் போதிப்பது எளிது. நான் அன்று முதலில் செய்த தவறும் அதுவே.

"கொஞ்சம் மென்மையாக எழுதலாமே" என்று சொல்லி, ஒரு தாளை எடுத்து நானே எழுதினேன். "அன்புள்ள சகோதரருக்கு, தாங்களும் குடும்பத்தாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம். வாடகை சற்றுத் தாமதமாவதாகத் தெரிகிறது. தங்கள் சூழ்நிலை எங்களுக்குப் புரிகிறது. வசதிப்பட்டபோது தந்து உதவும்படி அன்புடன் வேண்டுகிறோம்." எழுதி முடித்தபோது எனக்கு மனநிறைவாகத்தான் இருந்தது.

அவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோனார். மறுநாள் தொலைபேசியில் அழைத்தார். "ஐயா, என் மனைவி இதைப் படித்துவிட்டு, 'இதைப் பார்த்தால் நாம்தான் அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறோம் போலத் தெரிகிறதே' என்கிறாள்" என்றார். அந்த அம்மா சொன்னது முற்றிலும் சரி. என் கடிதத்தில் எவ்வளவு என்ற தொகை இல்லை, எப்போது என்ற தேதி இல்லை, தராவிட்டால் என்ன என்ற பதிலும் இல்லை. 'வசதிப்பட்டபோது' என்ற சொல்லைப் படிக்கிற எவருக்கும், கொடுக்க வேண்டிய மற்ற கடன்களையெல்லாம் கொடுத்துவிட்டு இதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்றே தோன்றும். மரியாதை என்று நினைத்து நான் எழுதியது, கேட்க வேண்டியதைக் கேட்கத் துணியாத கடிதம்.

ஆகையால் அன்று மாலை சத்திரம் பேருந்து நிலையத்தில் ஒன்றாம் எண் பேருந்தில் ஏறி, காவிரிப் பாலத்தைக் கடந்து, அவருடைய வீட்டுக்குப் போனேன். மூவரும் கூடத்தில் உட்கார்ந்தோம். பழைய தாளை நடுவில் வைத்துக்கொண்டு, அதன் ஒவ்வொரு வரியையும் எடுத்துப் பார்த்தோம்.

முதலில் தொகை. "25,500 எப்படி வந்தது?" என்று கேட்டேன். மாத வாடகை 8,500. மே, ஜூன், ஜூலை என்று மூன்று மாதம். ஆக 25,500 என்றார். ஒவ்வொரு மாத வாடகையையும் அடுத்த மாதம் 5-ஆம் தேதிக்குள் தர வேண்டும் என்பது அவர்களுக்குள் பேச்சு. அப்போது அந்த அம்மா மெதுவாகச் சொன்னார்: "ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில் அந்தத் தம்பி வந்து 4,000 ரூபாய் கையில் கொடுத்ததே, அதைச் சேர்த்தீர்களா?" சகோதரர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு எழுந்து போய் நாட்காட்டியைப் பார்த்தார். ஜூன் மாதத் தாளின் ஓரத்தில், அவருடைய கையெழுத்திலேயே பென்சிலால் '4,000 வந்தது' என்று இருந்தது. ரசீது எழுதிக் கொடுக்கவில்லை. ஆகையால் அது மனத்திலிருந்து மறைந்துவிட்டது.

உண்மையான பாக்கி மே மாதத்தில் 4,500, ஜூன் மாதத்தில் 8,500, ஜூலை மாதத்தில் 8,500. மொத்தம் 21,500 ரூபாய். அந்தத் தாள் மறுநாள் காலையில் கதவில் ஏறியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஏமாற்றுகிறவர் என்று ஒருவரைத் தெருவறியக் குற்றம் சாட்டும் தாளிலேயே, அவர் கொடுத்த நாலாயிரம் மறைக்கப்பட்டிருக்கும். மாடியில் இருப்பவர் பாக்கியைப் பற்றிப் பேச வேண்டிய அவசியமே இல்லை. "நான் கொடுத்த பணம் எங்கே?" என்ற ஒரே கேள்வியோடு அவர் நியாயஸ்தராகிவிடுவார். கோபத்தில் எழுதும் நிலுவைக் கடிதங்களில் முதலில் தவறுவது கணக்கே. அதனால்தான் எழுதத் தொடங்கும் முன் மாதவாரியாக, வர வேண்டியது எவ்வளவு, வந்தது எவ்வளவு, மீதி எவ்வளவு என்று தனித்தாளில் எழுதிப் பார்த்துவிட வேண்டும்.

அடுத்தது வட்டி. வாடகை ஒப்பந்தத்தைக் கொண்டுவரச் சொன்னேன். பதினோரு மாதத்துக்கு முத்திரைத்தாளில் எழுதிய ஒப்பந்தம். அதன் காலமும் முடிந்திருந்தது. அதில் வட்டியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஒப்புக்கொள்ளாத வட்டியைக் கோபத்தில் சேர்த்தால், ஒப்புக்கொண்ட வாடகையின் நியாயமும் குறைந்துவிடும். அதை அடித்துவிட்டோம்.

அதற்கு அடுத்தது மிரட்டல்கள். இங்கே நம்மில் வீடு வாடகைக்கு விடுகிறவர்களும் வாடகைக்கு இருக்கிறவர்களும் அறிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் ஆகிய இரு தரப்பின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்த, 2017-ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று தமிழ்நாட்டில் இருக்கிறது; 2019 பிப்ரவரியில் அது நடைமுறைக்கு வந்தது. வாடகை பாக்கி இருக்கிறது என்பதற்காகத் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்துவதை அச்சட்டம் தடை செய்கிறது. வாடகைக்கு விட்ட வீட்டுக்குள் பழுது பார்க்கவோ பார்வையிடவோ உரிமையாளர் நுழைவதற்கும் 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்; காலை 7 மணிக்கும் இரவு 8 மணிக்கும் இடையில்தான் போகலாம். அப்படியிருக்க, பூட்டுப் போடுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சகோதரர் எழுதிய மூன்று மிரட்டல்களில் முதல் இரண்டும் அவரால் சட்டப்படி செய்ய முடியாதவை. மூன்றாவது, வேலை செய்யும் இடத்துக்குச் சொல்வது, அந்த மனிதருடைய சம்பளத்துக்கே உலை வைக்கக்கூடியது. சம்பளம் போனால் பாக்கி எங்கிருந்து வரும்?

செய்ய முடியாததைச் செய்வேன் என்று எழுதுவது உறுதி ஆகாது. வாங்குகிறவர் விவரம் அறிந்தவரானால் அதைப் பத்திரமாக எடுத்துவைப்பார். நாளை வழக்கு என்று வந்தால் அது அவருக்குச் சாட்சியாகும். விவரம் அறியாதவரானால் அன்றிரவு தூங்கமாட்டார். ஆனாலும் பணம் வந்துவிடாது.

உரிமையாளருக்குச் சட்டம் வழியே காட்டவில்லை என்பதில்லை. இரண்டு மாத வாடகை பாக்கியாகி, அதைக் கேட்டு முறையான எழுத்து அறிவிப்புக் கொடுத்த பிறகும் ஒரு மாதத்துக்குள் முழுப் பாக்கியும் வராவிட்டால், வீட்டைத் திரும்பப் பெற வாடகை நீதிமன்றத்தை நாடலாம். அந்த ஒரு மாதத்துக்குள் பாக்கியைச் செலுத்திவிட்டால் வாடகைதாரர் தொடர்ந்து இருக்கலாம். ஆகவே சட்டம் தரும் அவகாசம் ஒரு மாதம். நம் சகோதரர் கொடுத்ததோ 24 மணி நேரம். மேலும், வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும் என்கிறது அதே சட்டம். இவர்களுடையது பதிவாகவில்லை. "சட்டத்தைத் துணைக்கு அழைக்கும் முன் நம் பக்கத்தையும் சரிசெய்ய வேண்டும், அதை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்" என்றேன். சகோதரர் தலையசைத்தார்.

பிறகு கதவு. அந்த முறையான அறிவிப்பை எப்படிச் சேர்க்க வேண்டும் என்பதற்கு, 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தில் ஒரு வரிசை இருக்கிறது. எழுத்தில் இருக்க வேண்டும். கையெழுத்து இருக்க வேண்டும். அஞ்சலில் அனுப்பலாம், நேரில் கொடுக்கலாம், அல்லது அவர் குடியிருக்கும் இடத்தில் குடும்பத்தார் ஒருவரிடமோ பணியாளரிடமோ கொடுக்கலாம். இவற்றின்படி கொடுக்க இயலாதபோதுதான் கட்டடத்தில் எல்லாரும் பார்க்கும் இடத்தில் ஒட்டலாம். ஒட்டுவது கடைசி வழி. நம்மில் பலர் அதை முதல் வழியாக நினைக்கிறோம். நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன் எழுதியவர்களுக்கும், கையில் கொடுப்பதற்கும் கதவில் ஒட்டுவதற்கும் உள்ள வேறுபாடு தெரிந்திருக்கிறது.

நமக்கு அது இன்னும் முன்பே சொல்லப்பட்டிருக்கிறது. உபாகமம் 24-ஆம் அதிகாரத்தில், கடன் கொடுத்தவன் அடகுப்பொருளை எடுக்கக் கடன்பட்டவனுடைய வீட்டுக்குள் புகக் கூடாது, வெளியே நிற்க வேண்டும், உள்ளிருப்பவனே அதைக் கொண்டுவந்து தர வேண்டும் என்ற கட்டளையைப் படித்திருக்கிறோம். அங்கே கடன் தள்ளுபடி செய்யப்படவில்லை. அடகைக் கேட்கவும் தடையில்லை. எங்கே நின்று கேட்க வேண்டும் என்பதே அங்கே வரையறுக்கப்படுகிறது. மாடிப்படிக் கதவில் ஒட்டும் தாள், நாம் வெளியே நின்றாலும், அந்த வீட்டின் மானத்துக்குள் நுழைந்துவிடுகிறது. அந்தக் கதவைத் திறந்துகொண்டு முதலில் வெளியே வருகிறவள், பள்ளிக்குப் போகும் அவர்களுடைய மகள். அதை நான் சொன்னவுடன் அந்த அம்மா, "அவள் நம் வீட்டில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவாள்" என்றார். அன்றைய பேச்சில் சகோதரரின் குரல் தாழ்ந்தது அந்த இடத்தில்தான்.

கடைசியாக விளிக்கும் சொல். தமிழில் இது மிக நுட்பமானது. 'நீ' என்றால் ஒரு உறவு, 'நீங்கள்' என்றால் ஒரு உறவு. வினைச்சொல்லின் விகுதியே மரியாதையைக் காட்டிக்கொடுத்துவிடும். சகோதரர் 'நீர்', 'உமக்கு' என்று எழுதியிருந்தார். ஏன் என்று கேட்டேன். "வக்கீல் நோட்டீஸில் அப்படித்தானே இருக்கும்" என்றார். நாம் ஜெபத்தில் தேவனை 'நீர்' என்று அழைக்கிறோம். அங்கே அது பயபக்தியின் சொல். ஆனால் தினமும் மாடிப்படியில் சந்தித்து 'தம்பி' என்று கூப்பிடுகிற ஒருவரைத் தாளில் மட்டும் 'நீர்' என்றால், அது இடையில் ஒரு சுவரை எழுப்புகிறது. 'குடியிருக்கும் நபர்' என்பதும் அப்படியே. பெயரிட்டு, 'நீங்கள்' என்று எழுதுவது என்று முடிவு செய்தோம். 'தம்பி' என்பதைக் கடிதத்தில் சேர்க்கலாமா என்று அவர் கேட்டார். வேண்டாம் என்றார் அவர் மனைவி. கணக்குப் பேசும் இடத்தில் உறவுச் சொல்லை வைத்தால், ஒன்று பணம் கேட்பதற்கு அது தூண்டில் ஆகும், அல்லது கொடுக்காமலிருப்பதற்குச் சாக்கு ஆகும் என்பது அவருடைய எண்ணம். நான் அதை வியந்து ஏற்றுக்கொண்டேன்.

இவ்வளவும் நீக்கிய பிறகு எஞ்சியவை எவை? தொகை, தேதி, கொடுக்கும் வழி, கொடுக்க முடியாவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பது, ஒன்றும் செய்யாவிட்டால் என்ன நடக்கும் என்பது. இந்த ஐந்தில் ஒன்றைக்கூடத் தளர்த்தக் கூடாது. என் முதல் கடிதம் இவற்றைத்தான் கைவிட்டிருந்தது. 'ஏமாற்றுகிறீர்', 'பொய்', 'வக்கில்லாதவர்' ஆகியவை மனிதரைப் பற்றிய தீர்ப்புகள். 21,500 ரூபாய் என்பதும் ஆகஸ்ட் 20 என்பதும் கடனைப் பற்றிய செய்திகள். கடுமை முன்னதில் இருக்கிறது. உறுதி பின்னதில் இருக்கிறது.

தவணையைப் பற்றி மட்டும் சிறிது விவாதம் நடந்தது. பாக்கி இரண்டு மாதத்துக்குள் தீர வேண்டும் என்றார் சகோதரர். அப்படியானால் மாதந்தோறும் வாடகை 8,500-உடன் இன்னொரு 10,750 கொடுக்க வேண்டும். திருவெறும்பூர்ப் பக்கம் ஒரு சிறு பட்டறையில் பற்றவைப்பு வேலை செய்கிற, சம்பளமே இரண்டு மாதமாகத் துண்டு துண்டாகக் கிடைக்கிற ஒருவரால் அது ஆகுமா? "அவருடைய சக்தி எவ்வளவு என்பதை அவரே ஜூன் மாதத்தில் காட்டியிருக்கிறார்" என்றேன். கைக்கு வந்ததும் கொண்டுவந்து கொடுத்தது 4,000. ஒப்புக்கொண்டு முதல் மாதமே தவறும் தவணையைவிட, நிறைவேறக்கூடிய சிறு தவணை உரிமையாளருக்கே நல்லது. ஆனால் அதை நாமே நிர்ணயித்து எழுதாமல், அவரே எழுதித் தரும்படி கேட்பது என்றும், இந்த ஆண்டு முடிவை எல்லையாக வைப்பது என்றும் தீர்மானித்தோம். தானே எழுதிய தேதியை மறுப்பது ஒருவருக்கு எளிதல்ல.

முன்பணத்தைப் பற்றியும் ஒரு வரி தேவைப்பட்டது. மூன்று மாத வாடகைக்குச் சமமான 25,500 ரூபாய் அவர்களிடம் முன்பணமாக இருந்தது. 'அதில் கழித்துக்கொள்ளட்டும்' என்று குடியிருப்பவர்கள் எண்ணுவது வழக்கம். அது காலி செய்யும்போது கணக்குத் தீர்த்துத் திருப்பித் தர வேண்டிய தொகை. அதை இப்போது சொல்லாவிட்டால் பின்னால் மனத்தாங்கல் வரும்.

அன்று இரவு ஒன்பது மணிக்கு எழுதி முடித்த கடிதம் இது.

"ஸ்ரீரங்கம், 8 ஆகஸ்ட்.

மதிப்பிற்குரிய திரு. … அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் வாடகைக் கணக்கைக் குறித்து இதை எழுதுகிறேன். மே மாத வாடகையில் நீங்கள் ஜூன் மாதம் நேரில் கொடுத்த ரூ. 4,000 வந்து சேர்ந்தது. அதற்கு அப்போது ரசீது தராதது என் தவறு, இத்துடன் இணைத்திருக்கிறேன். அதைக் கழித்து, மே மாதத்துக்கு ரூ. 4,500, ஜூன் மாதத்துக்கு ரூ. 8,500, ஜூலை மாதத்துக்கு ரூ. 8,500, ஆக மொத்தம் ரூ. 21,500 பாக்கி இருக்கிறது. இக்கணக்கில் ஏதேனும் பிழை இருந்தால் தெரிவியுங்கள். சேர்ந்து பார்த்துத் திருத்திக்கொள்வோம்.

இத்தொகையை ஆகஸ்ட் 20-ஆம் தேதிக்குள் செலுத்தும்படி கேட்டுக்கொள்கிறேன். ஒரே தடவையில் இயலாது என்றால், எந்தெந்தத் தேதியில் எவ்வளவு தருவீர்கள் என்பதை ஆகஸ்ட் 14-ஆம் தேதிக்குள் எழுதித் தாருங்கள். முதல் தவணை ஆகஸ்ட் 20-க்குள் வர வேண்டும். முழுப் பாக்கியும் டிசம்பர் மாதத்துக்குள் தீர வேண்டும். ஆகஸ்ட் மாதத்திலிருந்து ஒவ்வொரு மாத வாடகையும் வழக்கம்போல் அடுத்த மாதம் 5-ஆம் தேதிக்குள் தனியாக வர வேண்டும். முன்பணம் நீங்கள் காலி செய்யும் நாளில் தீர்க்கப்பட வேண்டியது. பாக்கிக்கு அதை ஈடு செய்ய இயலாது.

மாடிக்கு வாங்கிய வங்கிக் கடனின் தவணையை இந்த வாடகையைக் கொண்டுதான் கட்டி வருகிறேன். ஆகவே இதை மேலும் தள்ளிப்போட என்னால் முடியாத நிலை. மேற்கண்ட தேதிகளுக்குள் பணமோ எழுத்தில் பதிலோ வராவிட்டால், சட்டப்படியான ஒரு மாத அறிவிப்பை அஞ்சலில் அனுப்ப வேண்டியிருக்கும். அந்த நிலை வராது என்று நம்புகிறேன்.

இதைப் பற்றி நேரில் பேச விரும்பினால், மாலை ஆறு மணிக்கு மேல் எந்த நாளும் வீட்டில் இருப்பேன்.

இப்படிக்கு, …"

எழுதியதும் சகோதரரைச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். ஒரு சோதனை வைத்துக்கொண்டோம்: இதை அவருடைய மகள் தற்செயலாகப் படித்தால் தன் தகப்பனைப் பற்றி வெட்கப்படுவாளா? அதே சமயம், இதைப் படிக்கிற அந்தத் தகப்பனுக்கு, எவ்வளவு, எப்போது, இல்லாவிட்டால் என்ன என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் கிடைக்கிறதா? முதல் கேள்விக்கு இல்லை என்றும், இரண்டாம் கேள்விக்கு ஆம் என்றும் பதில் வந்தால்தான் கடிதம் ஆயத்தமாக இருக்கிறது. பழைய தாள் முதல் சோதனையில் தோற்கும். என் மென்மையான தாள் இரண்டாவதில் தோற்கும்.

'சட்டப்படியான அறிவிப்பு' என்ற வரியை எடுத்துவிடலாமா என்று கடைசி நேரத்தில் எனக்கே ஒரு தயக்கம் வந்தது. சகோதரர்தான் வேண்டாம் என்றார். "அது மிரட்டல் இல்லை, ஐயா. நான் உண்மையில் செய்யப் போவதை முன்கூட்டியே சொல்கிறேன். சொல்லாமல் செய்தால் அதுதான் தவறு" என்றார். ஒரே மாலையில் அவர் என்னைவிடத் தெளிவாக ஆகிவிட்டிருந்தார்.

கடிதத்தை இரண்டு பிரதியாக எழுதி, உறையிலிட்டு, பிள்ளையிடம் கொடுத்தனுப்பாமல், மறுநாள் மாலை அந்த மனிதர் வேலை முடிந்து வந்து கைகால் கழுவிய பிறகு, படியேறிப் போய் அவர் கையிலேயே கொடுத்தார். பெற்றுக்கொண்டதற்கு ஒரு பிரதியில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

அன்று பதில் இல்லை. அடுத்த நாளும் இல்லை. 12-ஆம் தேதி இரவு அவர் கீழே இறங்கி வந்தார். கூடத்தில் உட்கார்ந்து முதலில் அவர் சொன்னது, "அந்த நாலாயிரத்தை நீங்கள் மறந்துவிட்டீர்கள் என்று நினைத்துத்தான், ஐயா, இவ்வளவு நாளும் உங்கள் முகத்தைப் பார்க்காமல் படியேறிக்கொண்டிருந்தேன்" என்பதுதான். கொடுத்தது கணக்கில் ஏறாத வருத்தமும், கொடுக்க வேண்டியதைக் கொடுக்க முடியாத வெட்கமும் சேர்ந்து அவருடைய வாயைக் கட்டியிருந்தன. அவர் மௌனமாகப் போனதைத்தான் சகோதரர் ஏமாற்று என்று படித்திருந்தார்.

பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். ஆகஸ்ட் 20-இல் 5,500, செப்டம்பர், அக்டோபர், நவம்பர், டிசம்பர் மாதங்களில் 20-ஆம் தேதி 4,000 வீதம், மொத்தம் 21,500. கூட்டிப் பார்த்துச் சகோதரர் கையெழுத்திட்டார்.

எல்லாம் தடையின்றி நடந்தது என்று சொன்னால் அது உண்மையாகாது. முதல் இரண்டு தவணைகளும் நாள் தவறாமல் வந்தன. அக்டோபரில் பட்டறையில் சம்பளம் மீண்டும் தாமதமாயிற்று. ஆனால் இம்முறை அவர் 19-ஆம் தேதியே வந்து, மாதக் கடைசியில் தருவதாகச் சொல்லி, அப்படியே தந்தார். டிசம்பர்த் தவணை ஜனவரி இரண்டாம் வாரத்தில்தான் வந்தது. சகோதரர் அதற்காக வேறு கடிதம் எழுதவில்லை. எழுதிக் கேட்டிருந்தாலும் அவர் பக்கம் தவறில்லை என்பேன். கண் அறுவைச் சிகிச்சை நவம்பரில் நடந்தது. புது ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்யும் வேலையையும் அவர்கள் தொடங்கினார்கள்.

இந்தக் கடிதம் எல்லா வீட்டிலும் இப்படியே முடியும் என்று நான் சொல்லவில்லை. பணம் இருந்தும் கொடுக்க மனமில்லாதவருக்கு எந்தக் கடிதமும் பணத்தை வரவழைக்காது. அங்கே அஞ்சலில் போகும் முறையான அறிவிப்பும் வழக்கறிஞரும்தான் வழி. அப்படிப்பட்ட இடத்திலும் இக்கடிதத்தால் இழப்பு ஒன்றும் இல்லை. நாளை யார் கையில் போனாலும், எழுதியவர் தலைகுனிய வேண்டிய ஒரு வரியும் அதில் இல்லை.

சென்ற வாரம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். நாட்காட்டிக்குப் பக்கத்தில் ஆணியில் ஒரு ரசீதுப் புத்தகம் தொங்குகிறது. அதற்குள் ஒரு ரூபாய் வருவாய் முத்திரைகள் சில இருக்கின்றன. 5,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கினால் ரசீதில் ஒட்ட வேண்டும் என்று சகோதரர் எனக்கு விளக்கினார். பழைய தாளை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். நான்காக மடித்தபடியே அங்கே இருந்தது. "கோபம் வரும்போது எடுத்துப் படித்துப் பார்ப்பேன், ஐயா. கணக்கே தப்பு" என்றார்.